உங்கள் ஆரி வேலை ரவிக்கை குறித்து

வணக்கம் அக்கா. இன்ஸ்டாகிராமில் நீங்கள் கேட்ட மாம்பழ மஞ்சள் பட்டுக்கு ரவிக்கை தைக்கும் பொறுப்பை என்னிடம் தந்ததில் மிக்க மகிழ்ச்சி.

சேலையையும் அளவு ரவிக்கையையும் சனிக்கிழமை தேக்காவில் உள்ள கடைக்குக் கொண்டுவாருங்கள். நூலின் நிறத்தைப் பகல் வெளிச்சத்தில் சேலைமேல் வைத்துப் பார்த்தே முடிவுசெய்வேன். கைப்பேசிப் படத்தை நம்ப முடியாது. அன்றிலிருந்து மூன்று வாரம் ஆகும். முதுகில் வரும் மயில் முழுக்கக் கைவேலை. அவசரப்படுத்தினால் ஜர்தோசி தூக்கிக்கொண்டு நிற்கும், அப்படி ஒன்றை உங்கள் கையில் கொடுக்க எனக்கு மனம் வராது. கொக்கி வைப்பதற்குமுன் ஒருமுறை போட்டுப் பார்க்க அழைக்கிறேன்.

மொத்தம் 180 வெள்ளி. பாதியைப் பேநவ் வழி அனுப்பியதும் துணியைச் சட்டத்தில் கட்டுவேன். அதன்பின் டிசைனை மாற்ற இயலாது, முன்பணமும் திரும்பாது. மீதியை ரவிக்கையை வாங்கும்போது தந்தால் போதும்.