மதிப்பீட்டாளர் கருத்துரை: "காலமற்ற மொழி – ஹோப்பியரின் முடிவில்லா நிகழ்காலம்"

கட்டுரையாளருக்கு,

உங்கள் கட்டுரையை இரண்டு முறை முழுமையாகப் படித்தேன். நடை தெளிவாக இருக்கிறது. மொழியும் சிந்தனையும் எவ்வாறு பிணைந்திருக்கின்றன என்று அறியும் ஆர்வம் பக்கத்துக்குப் பக்கம் தெரிகிறது. ஆயினும், அமெரிக்கப் பழங்குடியினரான ஹோப்பியரைப் பற்றிய "ஹோப்பி மொழியில் காலத்தைக் குறிக்கும் சொல்லோ இலக்கண வடிவமோ எதுவும் இல்லை" என்னும் மையக் கூற்று தவறானது. பின்வரும் வாதங்கள் அனைத்தும் அதன்மேலேயே நிற்பதால், இப்போதுள்ள வடிவில் கட்டுரையை ஏற்கப் பரிந்துரைக்க இயலவில்லை. பெரும் திருத்தங்களுக்குப் பின் மீண்டும் அனுப்பும்படி கேட்டுக்கொள்கிறேன்.

உங்கள் முதன்மைச் சான்றிலிருந்தே தொடங்குகிறேன். மொழியியலாளர் பெஞ்சமின் லீ வொர்ஃப் 1940இல் வெளியிட்ட கட்டுரையில் ஆங்கிலத்தைக் காலமுள்ள மொழியாகவும் ஹோப்பியைக் காலமற்ற மொழியாகவும் ஒப்பிட்டுக் காட்டிய படத்தை அட்டவணை 1ஆகத் தந்திருக்கிறீர்கள். "ஓடுகிறான்" என்பதற்கும் "ஓடினான்" என்பதற்கும் ஹோப்பியில் "வாரி" என்னும் ஒரே வடிவம் வரலாம் என்பதிலிருந்து, காலம் என்ற வேறுபாடே அங்கில்லை என்று முடிவு செய்கிறீர்கள். ஆனால் அதே அட்டவணையில், நீங்களே எழுதிய ஒரு வரியில், "ஓடுவான்" என்பதற்கு நேராக "வாரிக்னி" நிற்கிறது. அந்த வரியைப் பற்றிக் கட்டுரையில் ஒரு சொல்கூட இல்லை. இறுதியில் வரும் "-னி" எதிர்பார்க்கப்படும் நிகழ்வைக் குறிக்கும் ஒட்டு. நடந்ததையும் நடப்பதையும் ஒரு பக்கமாகவும் நடக்கவிருப்பதை மறுபக்கமாகவும் அது பிரித்துவிடுகிறது. எனவே அந்த அட்டவணை உங்கள் கூற்றுக்கு ஆதரவாக நிற்கவில்லை; அதை மறுக்கிறது. மூன்று வகையாகப் பகுக்காமல் இரண்டாகப் பகுப்பது பகுப்பே இல்லாமை ஆகாது. சங்கத் தமிழ் வினையையும் இறந்த காலம், இறப்பல்லாத காலம் என்று இரண்டாகப் பகுத்துப் பார்க்கும் அறிஞர்கள் பலர் உண்டு என்பதை இங்கே நினைவூட்ட விரும்புகிறேன்.

இதற்குக் கீழே இன்னொரு குழப்பம் இருக்கிறது. வினைமுற்றில் காலம் காட்டும் உறுப்பு இருப்பது ஒன்று. ஒரு மொழியைக் கொண்டு காலத்தைச் சொல்ல முடிவது வேறொன்று. இரண்டாம் பகுதி முழுவதிலும் இவை ஒன்றின் இடத்தில் மற்றொன்றாக மாறி மாறி வருகின்றன. சீன மொழி வினையில் காலம் காட்டும் விகுதி கிடையாது. ஆனால் நேற்று என்ன நடந்தது என்று சொல்லச் சீனர் யாரும் தடுமாறுவதில்லை. நம் பேச்சையே எடுத்துக்கொள்ளுங்கள். "அவர் வரவில்லை" என்பதில் காலம் எங்கே இருக்கிறது? "நேற்று வரவில்லை", "இன்னும் வரவில்லை" என்று முன்னால் நிற்கும் சொல்தான் காலத்தைத் தருகிறது. வினை அப்படியே இருக்கிறது. இந்த ஒரு வடிவத்தை மட்டும் பார்த்துவிட்டுத் தமிழர் இறந்த காலத்தை அறியாதவர்கள் என்று யாரேனும் எழுதினால் நாம் எவ்வளவு வருந்துவோம்! ஹோப்பியரைப் பற்றி நீங்கள் எழுதியிருப்பது ஏறக்குறைய அதுவே.

காலப் பெயர்களும் வினையடைகளும் இல்லை என்னும் கூற்றும் நிலைக்காது. "காவோ" என்றால் நாளை. "தாவொக்" என்றால் நேற்று. "மூயாவ்" நிலவையும் மாதத்தையும் குறிக்கிறது. தமிழில் "திங்கள்" செய்வதும் இதைத்தான். மொழியியலாளர் எக்கெஹார்ட் மாலொட்கி 1983இல் வெளியிட்ட நூல், அறுநூறு பக்கங்களுக்கு மேல், ஹோப்பியின் காலச் சொற்கள், ஒட்டுகள், எண்ணும் முறைகள், நாட்காட்டி ஆகியவற்றுக்கே ஒதுக்கப்பட்டது. அந்த நூலை நீங்கள் ஓரிடத்திலும் எடுத்தாளவில்லை என்பதே இக்கட்டுரையின் மிகப் பெரிய குறை. அதன் முகப்பில் அவருடைய களக்குறிப்பிலிருந்து ஒரு வாக்கியம் இருக்கிறது. அதன் பொருளைத் தமிழில் இவ்வாறு சொல்லலாம்: பிறகு மறுநாள், அதிகாலையிலேயே, மக்கள் சூரியனை வணங்கும் அந்த வேளையில், அவன் அந்தப் பெண்ணை மறுபடியும் எழுப்பினான். "பிறகு", "மறுநாள்", "அதிகாலை", "அந்த வேளை", "மறுபடியும்" என்று ஒரே வாக்கியத்தில் இத்தனை காலக் குறிப்புகள் வரும் மொழியைக் காலமற்றது என்று எப்படிச் சொல்வது? இடத்தைக் குறிக்கும் சொற்களை ஹோப்பியர் காலத்துக்குப் பயன்படுத்துவதில்லை என்று நான்காம் பகுதியில் வருவதற்கும் மாலொட்கி ஏராளமான எதிர்ச்சான்றுகளைத் தந்திருக்கிறார்.

அரிசோனாவின் வடகிழக்கில் வாழும் ஹோப்பியர், சூரியன் அடிவானத்தில் எந்த இடத்தில் உதிக்கிறது என்பதைக் கவனித்து விதைப்புக்குரிய நாட்களையும் சடங்குகளுக்குரிய நாட்களையும் கணித்து வந்தவர்கள். சோயல் சடங்கு குளிர்காலக் கதிர்த்திருப்பத்தை ஒட்டி வருகிறது. "நேற்றையும் நாளையையும் அறியாத மக்கள்" என்னும் உங்கள் முடிவுரை வரி அழகாக இருக்கலாம். ஆனால் வானத்தை அவ்வளவு உன்னிப்பாகப் பார்த்த ஒரு சமூகத்துக்கு அது இழைக்கும் அநீதி பெரிது. அந்த வரியை நீக்கியே ஆக வேண்டும்.

வொர்ஃபின் கருத்தையும் நேர்மையாகப் பிரித்துக் காட்ட வேண்டும். ஹோப்பியில் காலத்தை நேரடியாகக் குறிக்கும் சொற்களோ வடிவங்களோ இல்லை என்று அவர் திட்டவட்டமாக எழுதியது 1936ஐ ஒட்டி எழுதப்பட்டு, 1950இல் அச்சான ஒரு கட்டுரையில். அதை நீங்கள் "1950இல் வொர்ஃப் நடத்திய கள ஆய்வு" என்று குறிப்பிடுகிறீர்கள். அவர் 1941இலேயே காலமானார். மேலும், அவருடைய ஹோப்பி அறிவின் பெரும்பகுதி நியூயார்க்கில் வசித்த ஹோப்பியர் ஒருவரிடமிருந்து பெற்றது. 1939இல் எழுதிய கட்டுரையிலோ அவரே காலத்தோடு தொடர்புடைய ஒரு தனிச் சொல்வகையை விவரிக்கிறார். பத்து நாள் என்று திரளாக எண்ணாமல் பத்தாம் நாள் என்று வரிசையாக எண்ணும் முறையைப் பற்றியும் பேசுகிறார். இவ்விரண்டு கட்டுரைகளையும் அருகருகே வைத்துப் படித்தால், ஹோப்பியர் காலத்தை வேறு விதமாகக் கருதுகின்றனர் என்னும் கூற்றுக்கும், காலமே அவர்களுக்கு இல்லை என்னும் கூற்றுக்கும் உள்ள இடைவெளி உங்களுக்கே புலப்படும். முதலாவது ஆராயத்தக்கது. இரண்டாவதைக் கைவிட வேண்டும்.

உண்மையான ஆய்வுக் கேள்வி ஒன்று உங்கள் அட்டவணைக்குள்ளேயே காத்திருக்கிறது. "-னி" எதிர்காலம் காட்டும் ஒட்டா, அல்லது எதிர்பார்ப்பைக் காட்டும் ஒட்டா? வொர்ஃப் இரண்டாவதைச் சொன்னார். இந்தக் கேள்வி ஹோப்பிக்கு மட்டும் உரியதன்று. "இப்போது மணி எட்டு இருக்கும்" என்று சொல்லும்போது எதிர்கால வடிவத்தால் நிகழ்காலத்தைப் பற்றிய ஊகத்தைத்தான் சொல்கிறோம். "தினமும் வருவான்" என்னும்போது அதே எதிர்கால வினை வழக்கத்தைக் குறிக்கிறது. ஹோப்பியிலோ வழக்கத்தைக் குறிக்க வேறொரு ஒட்டு உண்டு. உங்கள் அட்டவணையின் கடைசி வரியில் அதுவும் இருக்கிறது. எதிர்காலமும் ஊகமும் வழக்கமும் இரு மொழிகளிலும் எவ்வாறு பங்கிடப்படுகின்றன என்பதை நீங்கள் எழுதினால், அதை மிகுந்த ஆவலோடு படிப்பேன்.

திருத்திய வடிவில் நான் எதிர்பார்ப்பவை சில. தலைப்பை மாற்றுங்கள். இரண்டாம் பகுதியில் வினைக்காலம், வினைநிலை, காலக் கருத்து ஆகிய மூன்றையும் வரையறுத்த பின்னரே ஹோப்பித் தரவுகளுக்குச் செல்லுங்கள். மூன்றாம் பகுதியை மாலொட்கியின் தரவுகளைக் கொண்டு புதிதாக எழுதுங்கள். அவருடைய பகுப்பாய்வோடு உடன்படாத இடங்கள் இருந்தால் தயங்காமல் வாதிடுங்கள், ஆனால் தரவைக் காட்டி வாதிடுங்கள். ஐந்தாம் பகுதியில் மொழியைக் கொண்டு சிந்தனையை ஊகித்து, அந்தச் சிந்தனையையே மொழிக்கு விளக்கமாகத் தருவது வட்டமாகிவிடுகிறது. மொழிக்கு வெளியே தனிச் சான்று இல்லாதவரை அப்பகுதியை விட்டுவிடுவது நல்லது. அட்டவணை 1இல் உள்ள எல்லா வரிகளையும், "வாரிக்னி" உட்பட, ஒன்றுவிடாமல் விளக்குங்கள்.