ஜெனரேட்டர் டெண்டர்: உங்கள் கேள்விகள், கடித வடிவில்

அண்ணா,

நேற்று இரவு குரல் பதிவில் நீங்கள் அனுப்பிய கேள்விகளைக் கடிதமாக எழுதிவிட்டேன். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் பிரிவு எண் போட்டிருக்கிறேன். எண் இருந்தால்தான் அதிகாரி அந்த இடத்தைத் திறந்து பார்த்து பதில் எழுதுவார். இல்லையென்றால் "டெண்டர் ஆவணத்தில் உள்ளபடி" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள், நமக்கு ஒன்றும் தெளியாது.

நீங்கள் கேட்டது இப்படி இருந்தது:

"ஒரு இடத்துல 62.5 கேவிஏ, இன்னொரு இடத்துல 75. எதை நம்புறது? எப்பவும் ஓடணுமா, கரண்ட் போனா மட்டுமா? ஒரே கம்பெனி இன்ஜின் பேரைப் போட்டு வச்சிருக்காங்க, ஆளைப் பார்த்துத் தச்ச சட்டை மாதிரி இருக்கே. அடித்தளம் யார் போடுறது? இடமே ரெடியாகலன்னா நம்ம தலையில அபராதமா? பணம் எப்ப வரும்? எத்தனை பேர் போடுறாங்க? 75ன்னா நமக்குக் கட்டுப்படியாகாது, அதையும் சொல்லிடு."

கடைசி இரண்டையும் விட்டுவிட்டேன். எத்தனை பேர் போடுகிறார்கள் என்று கேட்டால் பதில் வராது, நம் மேல் சந்தேகம்தான் வரும். கட்டுப்படியாகாது என்பதையும் எழுத வேண்டாம். நாம் கேட்பதும் அவர்கள் சொல்வதும், நம் பெயர் இல்லாமல், எல்லா ஏலதாரர்களுக்கும் போகும். நம் விலைக் கணக்கை நாமே போட்டியாளர் கையில் கொடுத்ததாகிவிடும். சட்டை விஷயத்தில் உங்கள் கோபம் நியாயமானதுதான். ஆனால் குற்றம் சாட்டினால் அவர்கள் தங்களைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் எழுதுவார்கள். நமக்கு வேண்டியது "சமமான இன்ஜினும் ஏற்கப்படும்" என்ற ஒரு வரி. அதை மட்டும் கேட்டிருக்கிறேன்.

கேள்வி 4-ல் உள்ள 35 மீட்டர் நீங்கள் வாயால் சொன்ன அளவு. கையெழுத்துப் போடும் முன் வரைபடத்தில் ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள். 12-ம் தேதி மாலை 5 மணிக்குள் போய்ச் சேர வேண்டும்.

பெறுநர்
கொள்முதல் அலுவலர்

பொருள்: ஒப்பந்தப்புள்ளி எண் 14-ன்படி 24 டீசல் ஜெனரேட்டர்கள் வழங்கி நிறுவுதல் – விளக்கம் கோருதல்

ஐயா / அம்மையீர்,

மேற்கண்ட ஒப்பந்தப்புள்ளி ஆவணத்தைப் படித்ததில், கீழ்க்காணும் இனங்களில் எழுத்து மூலமான விளக்கம் வேண்டுகிறோம்.

1. பிரிவு 4.2-ல் திறன் 62.5 கேவிஏ என்றும், இணைப்பு 3, வரிசை 7-ல் 75 கேவிஏ என்றும் உள்ளது. 0.8 திறன் காரணியில் இவை முறையே 50, 60 கிலோவாட் ஆகும். எந்தத் திறனுக்கு விலை குறிப்பிட வேண்டும்? பிரிவும் இணைப்பும் முரண்படும்போது எது மேலோங்கும்?

2. பிரிவு 4.2-ல் உள்ள திறன், ஐஎஸ்ஓ 8528-1 தரத்தின்படி முதன்மைப் பயன்பாட்டுக்கான மதிப்பீடா, மின்தடை நேரத்துக்கு மட்டுமான அவசரக்கால மதிப்பீடா? ஒரே இயந்திரத்துக்கு இவ்விரண்டும் வேறுபடும். எனவே ஏலதாரர்கள் அனைவரும் ஒரே அடிப்படையில் விலை தர இது தெளிவாக வேண்டும்.

3. இணைப்பு 3, வரிசை 2-ல் ஒரு குறிப்பிட்ட தயாரிப்பாளரின் இன்ஜின் குறிப்பிடப்பட்டுள்ளது. அதே செயல்திறன் கொண்ட பிற தயாரிப்பாளர்களின் இன்ஜின்கள் ஏற்கப்படுமா? ஏற்கப்படுமெனில், சமநிலையை எந்தச் சோதனைச் சான்றுகளால் நிறுவ வேண்டும்?

4. கான்கிரீட் அடித்தளம், எர்த்திங், ஜெனரேட்டரிலிருந்து மின்பலகை வரையிலான கேபிள் ஆகியவை ஏலதாரரின் பணியில் அடங்குமா? இணைப்பு 5-ன் வரைபடத்தில் கேபிள் தூரம் சுமார் 35 மீட்டர் எனத் தெரிகிறது. ஆனால் விலைப்பட்டியலில் இதற்கான வரிசை இல்லை. அடங்குமெனில், விலைப்பட்டியலைத் திருத்தி வெளியிட வேண்டுகிறோம்.

5. பிரிவு 9.1-ன் 45 நாள் வழங்கல் காலம் கொள்முதல் ஆணை நாளிலிருந்து தொடங்குமா, நிறுவுமிடம் ஒப்படைக்கப்படும் நாளிலிருந்தா? இடம் ஒப்படைப்பதில் தாமதமானால் காலம் அதே அளவுக்கு நீட்டிக்கப்படுமா? அந்தக் காலத்துக்குப் பிரிவு 9.4-ன் தாமதக் கட்டணம் பொருந்துமா?

6. பிரிவு 11-ல், நிறுவிச் சோதித்த பின் பணம் வழங்கப்படும் என உள்ளது. கால வரம்பு இல்லை. ஏற்புச் சான்று வழங்கிய எத்தனை நாட்களுக்குள் பணம் வழங்கப்படும்?

மேற்கண்ட விளக்கங்களால் திறனோ விலைப்பட்டியலோ மாறினால், தயாரிப்பாளரிடம் புதிய விலை பெற நேரம் தேவைப்படும். எனவே அத்தகைய திருத்த அறிவிப்பு வெளியாகும் நாளிலிருந்து குறைந்தது 10 நாள் அவகாசம் இருக்குமாறு சமர்ப்பிப்பு நாளை நிர்ணயிக்கக் கோருகிறோம்.

இப்படிக்கு,
ஏலதாரருக்காக,
அங்கீகரிக்கப்பட்ட கையொப்பதாரர்