செல்விக்கு, ஒன்பதாவது கல்யாண நாளில்

செல்வி,

நீ இதைப் படிக்கும்போது அங்கே விடிந்திருக்கும், எனக்கு இங்கே சிங்கப்பூரில் அதற்கு முன்னாலேயே விடிந்து, லாரியில் ஏறி வேலைக்கும் வந்திருப்பேன். அதனால் ராத்திரியே உட்கார்ந்து எழுதி வைத்துவிட்டுக் காலையில் அனுப்புகிறேன். போன வருஷம் ரோஜாப்பூவும் இரண்டு புறாவும் போட்ட படத்தை அனுப்பினேன், நீயும் கும்பிடு போட்டு ஒரு பதில் அனுப்பினாய், அத்தோடு முடிந்தது. ஒன்பது வருஷத்துக்கு அது போதாது. நேரில் சொல்லலாம் என்று நினைத்து நினைத்து ஏழு வருஷம் தள்ளிப்போன ஒரு விஷயம் இருக்கிறது. அதை இன்றைக்குச் சொல்லிவிடுகிறேன்.

அந்தப் பச்சை அட்டை நோட்டுதான். பீரோவில் பத்திரம் வைத்திருக்கிற பைக்குள் இருக்கிறதே, அது.

2018 நவம்பர் 16, வெள்ளிக்கிழமை விடிகாலை. கஜா புயல் அடித்த ராத்திரியைப் பற்றி உனக்கு நான் புதிதாக ஒன்றும் சொல்ல வேண்டாம். கதவு பிய்த்துக்கொண்டு போய்விடக் கூடாது என்று இரண்டு நெல் மூட்டையை முட்டுக்கொடுத்து நாம் நான்கு பேரும் அதன் மேல் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்தோம். ஓடு ஒவ்வொன்றாகப் பறக்கிற சத்தத்தை அம்மா எண்ணிக்கொண்டே இருந்தார்கள். எனக்கு அந்த ராத்திரியைவிட விடிந்த பிறகு பார்த்ததுதான் இன்னும் கண்ணில் நிற்கிறது. கொல்லைக் கதவைத் திறந்தால் எப்போதும் மரம்தான் தெரியும், அன்றைக்கு வானம் தெரிந்தது. பெரியப்பா வீட்டுக் கொட்டகை நம் வாசலில் இருந்து தெரிந்ததை அதுவரை நான் பார்த்ததே இல்லை.

அப்பா நேராகத் தென்னந்தோப்புக்குள் போய் கிணற்றடியில் விழுந்து கிடந்த மரத்தின் மேல் உட்கார்ந்தார். வெள்ளிக்கிழமை முழுக்க அங்கேதான் இருந்தார். சனிக்கிழமையும் அங்கேதான். நான் கூப்பிட்டேன், அம்மா கூப்பிட்டார்கள், பெரியப்பா வந்து கையைப் பிடித்து இழுத்துப் பார்த்தார், ஒரு வார்த்தை பேசவில்லை. கஞ்சியைக் கொடுத்தால் குடித்தார், அவ்வளவுதான். பட்டுக்கோட்டைப் பக்கம் ஒருத்தர் மருந்தைக் குடித்துவிட்டார் என்று ஊருக்குள் பேச்சு வந்ததும் அம்மா உரக்கடையில் வாங்கி வைத்திருந்த டப்பாக்களையெல்லாம் எடுத்துப் பரணில் ஒளித்தார்கள். உன்னிடம் மட்டும்தான் சொன்னார்களாம், எனக்கு அது பிறகுதான் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நீ தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, சுண்ணாம்பைக் கரைத்து ஒரு பழைய பெயிண்ட் டப்பாவில் ஊற்றி, பச்சை மட்டையின் அடிக்காம்பைக் கல்லில் நசுக்கிப் பிரஷ் மாதிரி ஆக்கி எடுத்துக்கொண்டு தோப்புக்குள் போனாய். கக்கத்தில் அந்த நோட்டு. உனக்குக் கல்யாணமாகி வந்து இரண்டே வருஷம். நம் தோப்பில் எந்த வரப்பு எங்கே முடிகிறது என்றுகூட உனக்கு அப்போது சரியாகத் தெரியாது.

விழுந்த மரத்தை எண்ணுவது எவ்வளவு சிரமம் என்று எண்ணிப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். ஒன்றின் மேல் ஒன்று குறுக்கும் நெடுக்குமாகக் கிடக்கிறது, தலைப்பக்கம் பார்த்தால் எது எதனுடைய கொண்டை என்றே புரியாது. நீ தூரைத்தான் எண்ணினாய். ஒவ்வொரு தூராகக் குனிந்து ஒட்டியிருந்த ஈர மண்ணைக் கையால் தள்ளிவிட்டு, சுண்ணாம்பில் நம்பர் எழுதினாய். மரம் நனைந்திருந்ததால் முதலில் எழுதியதெல்லாம் ஒழுகிப்போய், திரும்ப வந்து துடைத்துவிட்டு மறுபடி எழுதினாய். நோட்டில் மூன்று கட்டம்: வேரோடு சாய்ந்தது, முறிந்தது, கொண்டை திருகியது.

நான் அப்போது ஓட்டைப் பிரித்துத் தார்ப்பாய் கட்டிக்கொண்டிருந்தேன். கோபத்தில் மேலே இருந்தபடியே கத்தினேன். "எழுதி என்ன செய்யப்போற? எழுதினா எழுந்து நிக்குமா?" என்று கேட்டேன். தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். நீ திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேராக அப்பாவிடம் போய், அவர் உட்கார்ந்திருந்த மரத்தின் தூரில் 17 என்று எழுதிவிட்டு, "மாமா, இது எப்ப வச்சது?" என்று கேட்டாய்.

அவர் பேசவில்லை. நீ 18-க்குப் போனாய். "மாமா, இது?" 19. "இது சின்ன மரமா இருக்கே மாமா, வேற மரம் செத்து அந்த இடத்துல வச்சதா?" நான் மேலே இருந்து கேட்டுக்கொண்டே இருந்தேன். எத்தனை மரம் தாண்டியிருக்கும் என்று எனக்குத் தெரியவில்லை, நீ ஒரு மரத்தைக் காட்டி ஏதோ ஒரு வருஷத்தை நீயாகச் சொன்னாய், தப்பாக. உடனே அப்பா, "இல்லம்மா, அது உங்க அத்தை இந்த வீட்டுக்கு வந்த வருஷம் வச்சது" என்றார். இரண்டு நாளுக்குப் பிறகு அவர் வாயில் இருந்து வந்த முதல் பேச்சு அதுதான். நீ வேண்டுமென்றேதான் தப்பாகச் சொன்னாய் என்று எனக்கு இப்போது தோன்றுகிறது. நீ இதுவரை ஒத்துக்கொண்டதில்லை, பரவாயில்லை.

அதற்கப்புறம் அவர் எழுந்து உன் பின்னாலேயே நடந்தார். சாயங்காலம்வரை நடந்தார். ஒவ்வொரு மரத்துக்கும் அவரிடம் ஒரு பெயர் இருந்தது செல்வி, நான் அந்தத் தோப்பிலேயே பிறந்து வளர்ந்தும் எனக்குப் பாதி தெரியாது. கிணத்தடியா. கோணக்காலி. தாத்தா வச்ச நெட்டை. ஆடு கடிச்சது. இடி விழுந்தும் பிழைத்தது. கணக்குக்கு நம்பர் மட்டும் போதும், நீ நம்பருக்குப் பக்கத்தில் அத்தனை பெயரையும் எழுதினாய். 43-இல் "கோணக்காலி, மாமா பத்தாம் வகுப்புப் படிக்கும்போது வச்சது, வெள்ளத்துல சாஞ்சு திரும்ப நிமிந்தது" என்று உன் குண்டு எழுத்தில் இருக்கிறது. சிந்திய சுண்ணாம்பு அந்தப் பக்கத்தில் ஒரு திட்டாகக் காய்ந்துபோய் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

மொத்தம் 246 மரம். சாய்ந்ததும் முறிந்ததும் 181, கொண்டை திருகியது 22. மீதி 43. எழுதி முடித்து அம்மா போட்ட கடுங்காப்பியை மண்ணெண்ணெய் விளக்கு வெளிச்சத்தில் குடித்துக்கொண்டிருந்தபோது அப்பா, "நாப்பத்தி மூணு நிக்குதுல்ல" என்றார். இருநூறு போச்சே என்று சொல்லவில்லை.

மரத்துக்கு 600 ரூபாய், வெட்டி அகற்ற 500 என்று அரசு அறிவித்தது அதற்கப்புறம்தான். கணக்கெடுக்க வந்தவர் நிற்கிற மரத்தையெல்லாம் எழுத முடியாது என்றபோது, நீ அந்த நோட்டோடு அவரை 22 மரத்தடிக்கும் அழைத்துப்போய் அண்ணாந்து பார்க்க வைத்தாய். குருத்து திருகிய மரம் கொஞ்ச நாளில் செத்துவிடும் என்று அவருக்கும் தெரியும், ஆனால் ஒரு ஆள் கூடவே நின்று காட்ட வேண்டியிருந்தது. அவர் எழுதிக்கொண்டார். 24,200 ரூபாய். ஊரில் எல்லோரும் "உன் பொண்டாட்டி கெட்டிக்காரி, பணத்தை விடல" என்றார்கள், நானும் ரொம்ப நாள் அப்படித்தான் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

இங்கே வந்த பிறகுதான், தங்குமிடத்தில் தூக்கம் வராமல் படுத்திருந்த ஒரு ராத்திரி, தேதிகளை வரிசையாக நினைத்துப் பார்த்தபோது எனக்கு உறைத்தது. நீ எண்ண ஆரம்பித்த ஞாயிற்றுக்கிழமை எந்த அறிவிப்பும் வரவில்லை. பணம் வருமா வராதா என்றே யாருக்கும் தெரியாது. கரண்டும் இல்லை, போனும் இல்லை, செய்தி வர வழியே இல்லை. நீ பணத்துக்காக எண்ணவே இல்லை. அம்மா பரணில் டப்பாவை ஒளித்தார்கள், நீ நோட்டை எடுத்துக்கொண்டு போனாய். இரண்டும் ஒரே காரியம்தான்.

அது தெரியாமல்தான் நான் ஊர் பார்க்க உன்னைக் கத்தினேன். அன்றைக்கு ராத்திரிகூட உன்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. உன் விரலெல்லாம் சுண்ணாம்பு பட்டு வெந்துபோய், சோற்றைப் பிசைய முடியாமல் ஸ்பூனில் சாப்பிட்டாய். அதைப் பார்த்தேன், பார்த்துவிட்டு எழுந்து போய்ப் படுத்துக்கொண்டேன். தப்புதான் செல்வி. மன்னித்துக்கொள். அப்பாவை நீ திருப்பிக் கொண்டுவந்தாய். நான் அவர் பிள்ளை, எனக்கு அந்த யோசனை வரவில்லை, உனக்கு வந்தது. இதைத்தான் ஏழு வருஷமாக வாயில் வைத்துக்கொண்டு இருந்தேன்.

நீ இல்லாமல் நான் இல்லை என்றெல்லாம் எழுத எனக்கு வரவில்லை. நீ இருக்கிற வீட்டில் அம்மாவும் அப்பாவும் யாழினியும் இருக்கிறார்கள் என்கிற தைரியத்தில்தான் நான் இங்கே துவாஸில் பத்து மாடி உயரத்தில் சாரத்தின் மேல் நின்று வேலை பார்க்கிறேன், இது மட்டும் நிஜம்.

சரி, இன்னொன்று. போன ஞாயிற்றுக்கிழமை நீ கோயிலுக்குப் போயிருந்தபோது அப்பா யாழினியை விட்டு எனக்கு வீடியோ கால் போடச் சொல்லியிருக்கிறார். அவள் போனைப் பிடித்துக்கொண்டு ஓட, படம் முழுக்கத் தரையும் அவள் காலுமாகத்தான் தெரிந்தது. அப்புறம் ஒரு கன்றுக்குக் கீழே நின்றார்கள். 2019 ஆடியில் நாம் குழி எடுத்து உப்பும் மணலும் போட்டு வைத்தோமே, அந்த நெட்டைக் கன்றுகளில் ஒன்று, இப்போது யாழினி அண்ணாந்து பார்க்கிற உயரம். அப்பா கையை நீட்டிக் காட்டினார். மட்டை இடுக்கில் இருந்து ஒரு பாளை, இன்னும் வெடிக்காமல், கூராக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

பழைய மரம் இருந்த இடத்துக்குப் பக்கத்திலேயே வைத்த கன்று அது. நேராக, கம்பம் மாதிரி நிற்கிறது. ஆனால் அவர் என்னிடம் என்ன சொன்னார் தெரியுமா?

"கோணக்காலி பாளை விட்டிருச்சுடா. செல்விட்ட சொல்லி நோட்டுல எழுதச் சொல்லு."

நான் உன்னிடம் சொல்லவில்லை, இன்றைக்குச் சொல்லலாம் என்று வைத்திருந்தேன். 43-ஆவது நம்பர் இருக்கிற பக்கத்தில், அந்தச் சுண்ணாம்புத் திட்டுக்குக் கீழே இடம் இருக்கிறது. தேதி போட்டு எழுது. எழுதி ஒரு போட்டோ அனுப்பு, மதியச் சாப்பாட்டு நேரத்தில் பார்ப்பேன்.

கார்த்திகையில் லீவு சொல்லியிருக்கிறேன். வருகிறேன்.

உன்,
முருகேசன்