குளோரின் கசிவு: தெரிந்தவை, தெரியாதவை, சரிபார்க்கப்படுபவை

இரவு 7:15 மணி நிலவரம். மாலை 5:30 மணிக்கு வெளியான பெட்டிச் செய்திக்கு மாற்றாக இதைப் படிக்கவும்.

தெரிந்தவை

■ நகரின் வடக்கு எல்லையில் உள்ள குடிநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தில், பிற்பகல் 2:50 மணியளவில் குளோரின் உருளை ஒன்றின் வால்வு அருகே கசிவு தொடங்கியது. இதை நிலைய மேலாளரும் தீயணைப்பு அதிகாரியும் எங்கள் செய்தியாளரிடம் தனித்தனியே உறுதிசெய்தனர். கசிந்தது அம்மோனியா என்று தொடக்கத்தில் பரவிய தகவல் தவறு. அம்மோனியா காற்றைவிட எடை குறைந்த வாயு. குளோரினோ காற்றைவிட ஏறத்தாழ இரண்டரை மடங்கு கனமானது என்பதால், தரையை ஒட்டிப் பரவிப் பள்ளங்களிலும் கீழ்த்தளங்களிலும் தேங்கும். ஆகவே அம்மோனியா என்று நம்பிக் கீழ்த்தளத்தில் இருப்பவர்கள் உடனே மேல்தளத்துக்குச் செல்ல வேண்டும்.

■ இருவர் இறந்துள்ளனர். இருவருமே நிலைய ஊழியர்கள். மூவர் இறந்ததாக 5:30 மணிக்கு நாங்கள் வெளியிட்டது பிழை. ஒரே ஊழியரின் பெயர் இரண்டு மருத்துவமனைப் பட்டியல்களில் வெவ்வேறு எழுத்துக்கூட்டலில் இருந்ததைக் கவனிக்காமல், அவரை இரண்டு பேராகக் கணக்கிட்டுவிட்டோம். தங்கள் வீட்டவர் பற்றிய சேதிக்காகக் காத்திருந்தவர்களுக்கு இது எத்தகைய வேதனையைத் தந்திருக்கும் என்பதை உணர்ந்து வருந்துகிறோம்.

■ சிகிச்சையில் இருப்போர் 64 பேர். இருமலும் கண் எரிச்சலும் தணிந்தபின் வீடு திரும்ப விரும்புவோரையும் மருத்துவர்கள் இன்றிரவு முழுவதும் கண்காணிப்பில் வைக்கிறார்கள். குளோரினைச் சுவாசித்தவர்களுக்கு நுரையீரலில் நீர் கோப்பது பல மணி நேரம் கழித்தும் தொடங்கலாம் என்பதே காரணம்.

■ காற்று வடக்கிலிருந்து வீசுவதால், நிலையத்துக்குத் தெற்கே 1.5 கிலோமீட்டர் வரை மக்கள் வெளியேற்றப்பட்டுள்ளனர். கசிவு குறைந்துள்ளது, ஆனால் நிற்கவில்லை. கசியும் இடத்தில் ஏன் தண்ணீரைப் பீய்ச்சவில்லை என்று பலர் கோபத்துடன் கேட்கிறார்கள். குளோரின் நீருடன் சேர்ந்தால் அமிலம் உண்டாகி, உலோகத்தை அரித்து, ஓட்டையைப் பெரிதாக்கிவிடும். அதனால்தான் வீரர்கள் உருளையைத் தவிர்த்து, சற்றுத் தள்ளி நீர்த்திரை அமைத்திருக்கிறார்கள்.

தெரியாதவை

■ ஒப்பந்த ஊழியர் ஒருவர் எங்கே இருக்கிறார் என்பது தெரியவில்லை. அவர் இன்று பணிக்கு வந்தாரா என்பதைச் சொல்லக்கூடிய வருகைப் பதிவேடு, கசிவால் யாரும் நெருங்க முடியாத ஓர் அறையில்தான் இருக்கிறது. அவரது கைப்பேசி மணி அடிக்கிறது, எடுப்பார் இல்லை. குடும்பத்தினர் கேட்டுக்கொண்டதால் பெயரை வெளியிடவில்லை.

■ எவ்வளவு வாயு வெளியேறியது என்பது தெரியவில்லை. இத்தகைய உருளையில் நிரப்பும்போது சுமார் 900 கிலோ குளோரின் இருக்கும். இது எத்தனை நாள் பயன்பாட்டில் இருந்தது என்பதை நிலையம் இன்னும் சொல்லவில்லை.

■ கசிவுக்கான காரணமும் தெரியவில்லை. சதி என்றோ அலட்சியம் என்றோ கூற இதுவரை எவரிடமும் ஆதாரம் இல்லை.

சரிபார்க்கப்படுபவை

■ 11 பேர் இறந்ததாகப் பரவும் குரல்பதிவு: பேசுபவர் யார் என்று தேடிவருகிறோம். மூன்று மருத்துவமனைகளின் பிணவறைப் பதிவுகளை எங்கள் செய்தியாளர்கள் நேரில் பார்த்துவிட்டனர். அவற்றில் இந்த எண்ணிக்கைக்கு இடமில்லை. நான்காவது மருத்துவமனையின் பதிலுக்காகக் காத்திருக்கிறோம்.

■ மஞ்சள் புகை கப்பலைச் சூழும் காணொளி: சரிபார்ப்பு முடிந்தது. இது 2022 ஜூன் 27 அன்று ஜோர்தானின் அகபா துறைமுகத்தில் குளோரின் கொள்கலன் விழுந்து உடைந்தபோது பதிவானது. தயவுசெய்து இதைப் பகிர வேண்டாம்.

■ குழாய் நீரில் நஞ்சு கலந்துவிட்டது என்ற தகவல்: காற்றில் கசிந்த வாயு மூடிய குழாய்களுக்குள் புகுந்ததற்கான அறிகுறி எதுவும் இல்லை. எங்கள் கவலை வேறு. குளோரின் சேர்ப்பது 2:50 மணிக்குப் பிறகு நின்றுபோயிருந்தால், கிருமி நீக்கம் செய்யப்படாத நீர் வீடுகளுக்கு வந்திருக்கக்கூடும். மாற்று ஏற்பாடு இயங்கியதா என்று நிலையத்திடம் இருமுறை கேட்டும் பதில் வரவில்லை. அது வரும்வரை நீரைக் கொதிக்கவைத்துக் குடிப்பது நல்லது.

■ எச்சரிக்கை மணி: அது ஒலிக்கவே இல்லை என்று உயிர்தப்பிய 3 ஊழியர்கள் சொல்கிறார்கள், ஒலித்தது என்கிறது நிர்வாகம். கருவியின் பதிவைக் கேட்டிருக்கிறோம். கையில் கிடைக்கும்வரை இரண்டு கூற்றையும் இந்தப் பகுதியிலேயே வைத்திருப்போம்.

அடுத்த பெட்டிச் செய்தி இரவு 9:00 மணிக்கு வெளியாகும். காணாமல்போன ஊழியர் பற்றிய தகவல் மட்டும் உறுதியானவுடன் வெளியிடப்படும்.