மகிழ் முற்றம் குழுக்களுக்கு இடையிலான வினாடி வினாப் போட்டி: அறிவிப்பு

அரசு மேல்நிலைப் பள்ளி, நாமக்கல் மாவட்டம்
தலைமையாசிரியரின் சுற்றறிக்கை
நாள்: 27.07.2026, திங்கட்கிழமை

பெறுநர்: 6 முதல் 12 வரையிலான அனைத்து வகுப்பு மாணவ மாணவியர், வகுப்பாசிரியர்கள், குழுப் பொறுப்பாசிரியர்கள்

நம் பள்ளியின் மகிழ் முற்றம் அமைப்பில் உள்ள குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை ஆகிய ஐந்து குழுக்களுக்கும் இடையிலான இந்தக் கல்வியாண்டின் வினாடி வினாப் போட்டி, வரும் 21.08.2026 வெள்ளிக்கிழமை பிற்பகல் 1.45 மணிக்குப் பள்ளிக் கலையரங்கில் நடைபெறும் என்று இதன்மூலம் அறிவிக்கப்படுகிறது. சந்திரயான் 3 நிலவின் தென்துருவப் பகுதியில் தரையிறங்கிய 2023 ஆகஸ்டு 23ஐ நினைவுகூர்ந்து ஆண்டுதோறும் கொண்டாடப்படும் தேசிய விண்வெளி நாள் இவ்வாண்டு ஞாயிற்றுக்கிழமையில் வருவதால், அதற்கு முந்தைய வேலைநாளான வெள்ளிக்கிழமையே போட்டிக்குத் தேர்ந்துகொள்ளப்பட்டுள்ளது. பேருந்தில் வீடு திரும்பும் மாணவர்கள் வழக்கமான நேரத்தில் புறப்பட வேண்டும் என்பதால், போட்டியும் பரிசளிப்பும் 3.50 மணிக்குள் முடிக்கப்படும். எக்காரணம் கொண்டும் இந்த நேரம் நீட்டிக்கப்படாது.

பங்கேற்கும் தகுதி

இப்பள்ளியில் 6 முதல் 12 வரை எந்த வகுப்பில் படிக்கும் மாணவரும், தமிழ்வழி, ஆங்கிலவழி என்ற வேறுபாடு இல்லாமல், தாம் சேர்க்கப்பட்டுள்ள குழுவின் சார்பில் தகுதிச் சுற்றில் கலந்துகொள்ளலாம். தேர்வு மதிப்பெண்ணோ, வகுப்பில் பெற்ற இடமோ, முன்பு போட்டிகளில் வென்றிருப்பதோ தகுதியாகக் கருதப்பட மாட்டா. வகுப்பில் முதலிடம் பெறும் மாணவர்களையே ஆசிரியர் பெயர் சொல்லி அனுப்பும் வழக்கம் இந்த முறை கைவிடப்படுகிறது. விருப்பமுள்ளவர் தாமே பெயர் கொடுக்க வேண்டும், பெயர் கொடுத்த எவரையும் வகுப்பாசிரியர் திருப்பி அனுப்பக் கூடாது. நாளிதழை நாள்தோறும் வாசித்தும் தேர்வில் நடுத்தர மதிப்பெண்ணே பெறும் மாணவர்கள் ஒவ்வொரு வகுப்பிலும் இருக்கிறார்கள் என்பதை ஆசிரியர்கள் அனைவரும் அறிவார்கள்; அவர்கள் மேடைக்கு வர வேண்டும் என்பதே இந்த மாற்றத்தின் நோக்கம்.

பொதுத் தேர்வு எழுதவிருக்கும் 10, 12ஆம் வகுப்பு மாணவர்களும் பங்கேற்கலாம். இறுதிச் சுற்றுக்குத் தேர்வாகும் அவ்வகுப்பு மாணவர்களுக்கு அன்றைய சிறப்பு வகுப்பிலிருந்து விலக்கு அளிக்கப்படும், விடுபட்ட பாடத்தை அடுத்த வேலைநாளில் உரிய பாட ஆசிரியர் நடத்துவார். குழுவுக்கு ஆள் குறைகிறது என்ற காரணத்தால் படிப்பில் கவனம் செலுத்த விரும்பும் மாணவரைக் கட்டாயப்படுத்த வேண்டாம். எழுதுவதில் சிரமமுள்ள மாற்றுத்திறன் மாணவர்களுக்குத் தகுதிச் சுற்றில் சொல்வதை எழுதுபவரும் கூடுதலாகப் பத்து நிமிடமும் வழங்கப்படும். இதற்கான கோரிக்கையைப் பெயர் கொடுக்கும்போதே தெரிவித்தால் போதும். இந்தக் கல்வியாண்டில் புதிதாகச் சேர்ந்து, இன்னும் எந்தக் குழுவிலும் இடம்பெறாத மாணவர்கள் 31.07.2026 வெள்ளிக்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் சொல்லித் தம் குழுவை உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

பெயர் பதிவும் தகுதிச் சுற்றும்

பெயர்களை அந்தந்தக் குழுப் பொறுப்பாசிரியரிடம் 07.08.2026 வெள்ளிக்கிழமை மாலை 4 மணிக்குள் கொடுக்க வேண்டும். பதிவுக் கட்டணம் எதுவும் இல்லை. தகுதிச் சுற்று 11.08.2026 செவ்வாய்க்கிழமை பிற்பகல் 3.15 மணி முதல் 3.45 மணி வரை முதல் தளத்தில் உள்ள 9ஆம் வகுப்பு அறைகளில் எழுத்துத் தேர்வாக நடைபெறும். 6 முதல் 8 வரை ஒரு நிலை, 9, 10 ஒரு நிலை, 11, 12 ஒரு நிலை என மூன்று வினாத்தாள்கள் உண்டு. ஒவ்வொன்றிலும் முப்பது வினாக்கள் தமிழிலும் ஆங்கிலத்திலும் தரப்படும். தவறான விடைக்கு மதிப்பெண் குறைக்கப்படாது, ஆகவே தெரியாத வினாவையும் யோசித்து எழுதிப் பார்க்கலாம்.

ஒவ்வொரு நிலையிலும் ஒரு குழுவில் அதிக மதிப்பெண் பெறும் ஒருவர் வீதம் மூவர் அக்குழுவின் அணியில் இடம்பெறுவர். அடுத்த இடம் பெற்றவர்கள் மாற்று உறுப்பினர்கள். ஒரே மதிப்பெண் பெற்றவர்களுள், விண்மீன் குறியிட்ட கடைசி ஐந்து வினாக்களில் கூடுதலாக விடையளித்தவர் முன்னிலை பெறுவார். அதிலும் சமம் என்றால் கீழ் வகுப்பு மாணவருக்கு வாய்ப்பு தரப்படும். அணிகளின் பட்டியல் 13.08.2026 வியாழக்கிழமை காலை வழிபாட்டுக் கூட்டத்தில் வாசிக்கப்பட்டு, அறிவிப்புப் பலகையிலும் ஒட்டப்படும்.

வினாக்களின் தன்மை

ஆண்டும் பெயரும் ஒப்பிக்கும் திறனைச் சோதிப்பது இப்போட்டியின் எண்ணமன்று. ஒன்றை ஏன், எப்படி என்று கேட்டு விடை காணும் மாணவரே இதில் முன்னேற முடியும். எடுத்துக்காட்டாக, மேட்டூர் அணை எந்த ஆண்டில் கட்டி முடிக்கப்பட்டது என்று கேட்பதைவிட, அதன் நீர் வழக்கமாக ஜூன் 12 அன்று திறக்கப்படுவது யாருடைய எந்தச் சாகுபடிக்காக என்று கேட்கவே வினாக்குழு விரும்புகிறது. டெல்டாப் பகுதியின் குறுவைச் சாகுபடியை அறிந்தவர் அதற்கு எளிதில் விடை சொல்வார். அதேபோல், நம் மாவட்டத்தின் சித்தம்பூண்டி, குன்னமலைப் பகுதிகளில் எடுத்த பாறையைப் பொடித்து, நிலவில் இறங்கும் கலத்தைச் சோதிப்பதற்கான மண்ணாக இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனம் பயன்படுத்தியது ஏன் என்று கேட்கலாம். அங்குள்ள அனார்த்தோசைட் பாறை நிலவின் மேட்டுநிலப் பாறையை ஒத்தது என்பதே விடை. பள்ளியிலிருந்து அதிகத் தொலைவில் இல்லாத ஊர்களைப் பற்றிய இச்செய்தி நம் மாணவர்கள் பலருக்கும் தெரியாமல் இருப்பது வருத்தத்துக்குரியது.

குறிப்புச் சுற்றில் ஒருவரைப் பற்றிய நான்கு குறிப்புகள் கடினத்திலிருந்து எளிமையை நோக்கி ஒவ்வொன்றாகத் தரப்படும். 1925இல் கும்பகோணத்தில் பிறந்தவர். 1987இல் உலக உணவுப் பரிசை முதன்முதலாகப் பெற்றவர். 2024இல் மறைவுக்குப் பின் பாரத ரத்னா அறிவிக்கப்பட்டவர். இந்தியாவின் பசுமைப் புரட்சியோடு பெயர் பிணைந்தவர் என்று வரிசையாகச் சொன்னால், முதல் குறிப்பிலேயே எம். எஸ். சுவாமிநாதன் என்று கூறும் அணிக்கு 20 மதிப்பெண்ணும், அடுத்தடுத்த குறிப்புகளில் கூறினால் 15, 10, 5 என்றும் வழங்கப்படும். மேலே சொன்ன மூன்றும் மாதிரிகள் மட்டுமே என்பதால் போட்டியில் கேட்கப்பட மாட்டா.

வினாக்கள் பாடநூல்களை ஒட்டிய அறிவியல், சமூக அறிவியல், தமிழ் இலக்கியம் ஆகியவற்றோடு, விண்வெளி, விளையாட்டு, நாமக்கல் மாவட்டத்தின் வரலாறும் இயற்கையும், கடந்த ஓராண்டின் நடப்புச் செய்திகள் ஆகியவற்றிலிருந்தும் அமையும். கொல்லிமலையையும் வல்வில் ஓரியையும் பற்றிப் படித்துக்கொள்வது வீண்போகாது. நாளிதழ்களும் துணைநூல்களும் வாசிப்பதற்காகப் பள்ளி நூலகம் 03.08.2026 முதல் 20.08.2026 வரை வேலைநாள்களில் காலை 8.30 மணிக்கே திறக்கப்படும்.

இறுதிச் சுற்றின் விதிகள்

நேரடி வினா, படம் பார்த்துச் சொல்லும் வினா, குறிப்பு வினா, மாவட்டத்தை அறிவோம், விரைவுச் சுற்று என ஐந்து சுற்றுகள் நடைபெறும். நேரடி வினாவுக்கு விடையளிக்க 30 நொடியும், ஓர் அணி விடை தெரியாமல் விட்டது அடுத்த அணிக்குச் செல்லும்போது 10 நொடியும் தரப்படும். முதலில் விடையளித்தால் 10 மதிப்பெண், பெற்ற வினாவுக்கு 5 மதிப்பெண். ஒரே திசையில் வினாக்கள் சென்றுகொண்டிருந்தால் எளிய வினாக்கள் ஓரணிக்கே வாய்க்கும் என்ற குறையைத் தவிர்க்க, முதல் சுற்றில் இடமிருந்து வலமாகவும் அடுத்த சுற்றில் வலமிருந்து இடமாகவும் வரிசை மாறும். அமரும் இடம் போட்டி தொடங்கும் முன் சீட்டுக் குலுக்கலில் முடிவாகும். அணியினர் கலந்து பேசலாம், ஆனால் மூவருள் தலைவர் சொல்லும் விடையே ஏற்கப்படும். விடை தமிழிலோ ஆங்கிலத்திலோ இருக்கலாம்.

பார்வையாளர் யாரேனும் விடையை உரக்கச் சொன்னால் அந்த வினா நீக்கப்பட்டு வேறு வினா கேட்கப்படும். ஒரே குழுவின் பார்வையாளர்கள் இரண்டாம் முறை அவ்வாறு செய்தால் அக்குழுவின் மதிப்பெண்ணில் 5 குறைக்கப்படும். ஆர்வத்தில் வாய் தவறிச் சொல்லிவிடும் 6ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வகுப்பாசிரியர்கள் இதை முன்கூட்டியே விளக்கிவைப்பது நல்லது. இறுதியில் இரு அணிகள் சமநிலையில் இருந்தால், முந்தி மணியடிக்கும் அணிக்குரிய வினாக்கள் மூன்று கேட்கப்படும். விடை குறித்த ஐயங்களை அந்த வினா முடிந்தவுடனே அணித் தலைவர் எழுப்ப வேண்டும்; முதுகலை ஆசிரியர்கள் மூவர் கொண்ட நடுவர் குழுவின் முடிவே இறுதியானது. மின்தடை ஏற்பட்டால் படச் சுற்று கைவிடப்பட்டு, அதற்கு ஈடாக நேரடி வினாக்கள் கேட்கப்படும்.

முதல் இடம் பெறும் குழுவுக்கு ஓராண்டு வைத்துக்கொள்ளும் சுழற்கேடயமும், முதல் மூன்று இடம் பெறும் அணிகளின் உறுப்பினர்களுக்கு நூல்களும், இறுதிச் சுற்றில் பங்கேற்கும் அனைவருக்கும் சான்றிதழும் வழங்கப்படும். போட்டியில் பெறும் இடத்துக்கேற்ப மகிழ் முற்றம் பட்டியலில் குழுப் புள்ளிகள் சேர்க்கப்படும்.

தொடர்புக்கு

போட்டியின் பொறுப்பாசிரியராகத் திருமதி ப. செல்வராணி, பட்டதாரி ஆசிரியர், சமூக அறிவியல், நியமிக்கப்பட்டுள்ளார். விதிகள், பதிவு, தகுதிச் சுற்று பற்றிய ஐயங்களுக்கு வேலைநாள்களில் காலை இடைவேளையிலோ மதிய உணவு இடைவேளையின் பிற்பாதியிலோ தரைத்தளத்தில் உள்ள ஆசிரியர் அறையில் அவரைச் சந்திக்கலாம். விவரம் அறிய விரும்பும் பெற்றோர் பள்ளி அலுவலகத் தொலைபேசிக்குப் பிற்பகல் 3.30 முதல் 4 மணி வரை அழைத்தால் அவரோடு பேச ஏற்பாடு செய்யப்படும். வினாக்கள் தொடர்பாக அவரையோ நடுவர்களையோ அணுக வேண்டாம். வினாத்தாள் அவரிடமும் இருக்காது.

இந்தச் சுற்றறிக்கையை வகுப்பாசிரியர்கள் 28.07.2026 செவ்வாய்க்கிழமை முதல் பாடவேளையில் வாசித்துக் காட்டி, வாசித்ததற்குச் சான்றாகச் சுற்றறிக்கைப் பதிவேட்டில் கையொப்பமிட வேண்டும்.

(ஒப்பம்)
தலைமையாசிரியர்

நகல்: ஐந்து குழுப் பொறுப்பாசிரியர்கள், நூலகப் பொறுப்பாசிரியர், உடற்கல்வி ஆசிரியர் (அரங்க ஒழுங்கமைப்புக்காக), பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவர், அறிவிப்புப் பலகை