உடற்கல்வி எழுத்துத் தேர்வு: 7ஆம் வகுப்பு, சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு, சாட்ஸ்வொர்த், டர்பன்

நேரம்: 45 நிமிடம். மதிப்பெண்: 30

‘ஆம்’, ‘இல்லை’ என்று மட்டும் எழுதினால் பாதி மதிப்பெண்தான். காரணமும் வேண்டும். ஆங்கிலப் பெயர்தான் நினைவுக்கு வருகிறது என்றால் அதையே தமிழ் எழுத்தில் எழுதுங்கள், பரவாயில்லை.

அ. விதிகள்

1. நெட்பாலில் ஓர் அணிக்குக் களத்தில் எத்தனை பேர்? பந்தைப் பிடித்தவர் எத்தனை நொடிக்குள் அதை விட வேண்டும்? (2)

2. சென்டராக ஆடும் மாணவி கோல் வட்டத்துக்குள் ஓடி, பந்தை அழகாக வளையத்தில் போட்டுவிடுகிறாள். எல்லோரும் கைதட்டுகிறார்கள், நடுவர் மட்டும் கோல் தரவில்லை. ஏன்? கோல் போட யார் யாருக்கு உரிமை உண்டு? (3)

3. கால்பந்தில் பந்தின் பாதி கோல் கோட்டைத் தாண்டிய பிறகு கோல்கீப்பர் வெளியே தட்டிவிட்டார். கோலா? (2)

4. த்ரோ-இன் பந்தை நேராக வாங்கியவர் எதிரணித் தடுப்பாளர் எல்லோரையும் தாண்டி நின்றார். ஆஃப்சைடா? (2)

5. கிரிக்கெட்டில் நோ-பாலை அடித்து, கேட்ச் பிடிபட்டால் அவுட்டா? நோ-பாலிலும் அவுட் ஆகும் ஒரு வழியைச் சொல்லுங்கள். (3)

ஆ. உடல் தகுதி

6. டர்பனுக்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கும் இடையே 1921 முதல் நடக்கும் காம்ரேட்ஸ் ஓட்டம் ஏறக்குறைய 90 கிலோமீட்டர், வழியெல்லாம் மேடு. அதை ஓடி முடிக்க எது அதிகம் தேவை: வேகமா, இதய நுரையீரல் தாங்குதிறனா? கால் தசைகளுக்கு வேண்டியது வலிமை மட்டும்தானா? (4)

7. 10 கிலோ அரிசி மூட்டையை ஒரு முறை தூக்குவது, அதே மூட்டையுடன் நான்கு மாடி ஏறுவது: ஒவ்வொன்றும் தசையின் எந்தத் திறனைச் சோதிக்கிறது? (2)

8. எதை அளக்கிறோம்? உட்கார்ந்து கால்விரல் தொடுதல், பீப் டெஸ்ட், கூம்புகளுக்கிடையே வளைந்து ஓடுதல். (3)

இ. காயத் தடுப்பு

9. பிப்ரவரி மாதம், புழுக்கமான மதியம். பயிற்சியில் ஒரு மாணவனுக்குத் தலைவலி, கிறுகிறுப்பு, வேர்த்துக் கொட்டுகிறது. உடனே செய்யும் இரண்டு செயல்கள் எவை? அவன் குழம்பிப் பேசினால் என்ன செய்வீர்கள்? (3)

10. கணுக்கால் சற்று முன்புதான் சுளுக்கி வீங்கியிருக்கிறது. பாட்டி எண்ணெயைச் சூடாக்கி உருவிவிடலாம் என்கிறார். இப்போது ஏன் வேண்டாம்? பதிலாக என்ன செய்யலாம்? பாட்டி வருத்தப்படாதபடி எழுதுங்கள்! (3)

11. இறுதி ஆட்டம். இருவர் தலை மோதிக்கொண்டார்கள். ஒருவனுக்கு வாந்தி வருகிறது, ஆனாலும் “எனக்கு ஒன்றுமில்லை, ஆடுகிறேன்” என்கிறான். நீங்கள்தான் கேப்டன். என்ன முடிவெடுப்பீர்கள், ஏன்? (3)

திருத்துபவருக்கு: 3இல் பந்து முழுவதும் கோட்டைத் தாண்டவில்லை, ஆகவே கோல் இல்லை. 4இல் த்ரோ-இன்னுக்கு ஆஃப்சைடு கிடையாது. 5இல் ரன்-அவுட் போதும். 10இல் ஓய்வு, துணியில் சுற்றிய ஐஸ், கட்டு, காலை உயர்த்தி வைத்தல் ஆகியவற்றில் இரண்டு இருந்தால் சரி. 11இல் “ஐந்து நிமிடம் உட்கார்ந்துவிட்டு ஆடலாம்” என்று எழுதியவருக்குச் சுழியம். அன்று அவனுக்கு ஆட்டமே கிடையாது, மருத்துவரிடம் காட்ட வேண்டும்.