உங்கள் ரீலுக்கு ஒரு கைமுடிச்சுச் சுங்குடி: கட்டணமும் வேலை விவரமும்

வணக்கம் மேடம்,

நான் லதா, மதுரையிலிருந்து எழுதுகிறேன். உங்கள் வீடியோக்களை ரெண்டு வருஷமாகப் பார்ப்பதால் 'அக்கா' என்றுதான் கை எழுதப் போகிறது. ஆனால் இது பணம் பேசும் கடிதம், அதனால் மேடம் என்றே இருக்கட்டும்.

நானும் என் நாத்தனாரும் சேர்ந்து கைமுடிச்சுச் சுங்குடி விற்கிறோம். கடை கிடையாது. வீட்டு முன்னறையில் ஒரு பீரோ, இன்ஸ்டாகிராம் பக்கம், வாட்ஸ்அப் எண், அவ்வளவுதான். எங்களுக்கு முடிச்சுப் போடுகிறவர்கள் ஏழு பேர், எல்லோரும் பெண்கள், அவரவர் வீட்டிலிருந்தே போடுகிறார்கள். மாதம் நாற்பது சேலை போனால் நல்ல மாதம்.

உங்களிடம் வரக் காரணம், காட்டன் சேலையைத் துவைத்துக் காட்டிய அந்த வீடியோ. கடைக்காரர் சாயம் போகாது என்று சொல்லி விற்ற சேலையை வாளியில் முக்கி, தண்ணீர் சிவந்ததைக் கேமராவுக்குக் காட்டினீர்கள். கடை பெயரைச் சொல்லாமல், திட்டாமல், தண்ணீரை மட்டும் காட்டினீர்கள். எங்கள் சேலையும் அதே வாளிக்குள் போக வேண்டும் என்பதுதான் நான் கேட்பது.

எங்கள் சேலையிலும் முதல் தண்ணீரில் சாயம் கொஞ்சம் இறங்கும். அரக்குச் சிவப்பில் கூடுதலாக, மஞ்சளில் குறைவாக. கல்லுப்பு போட்ட தண்ணீரில் தனியாக அலசி நிழலில் காயப்போட்டால், மூன்றாவது அலசலில் தண்ணீர் தெளிந்துவிடும். ஒவ்வொரு பார்சலிலும் இதைச் சீட்டில் எழுதி வைக்கிறோம். இருந்தாலும் வேட்டியோடு சேர்த்து மெஷினில் போட்டுவிட்டு இரவு பதினொரு மணிக்கு போன் செய்கிறவர்கள் உண்டு. சீட்டை யாரும் படிப்பதில்லை, உங்கள் வீடியோவைப் பார்ப்பார்கள்.

என்ன செய்ய வேண்டும் என்று விவரமாகச் சொல்கிறேன். ஒரு ரீல், 60 முதல் 90 நொடிக்குள். அது வந்த மறுநாள் மூன்று ஸ்டோரி, ஒன்றில் எங்கள் பக்கத்தின் லிங்க். பிறகு ஒரு மாதம் கழித்து, நீங்கள் நாலைந்து முறை கட்டித் துவைத்த பிறகு, சேலை இப்போது எப்படி இருக்கிறது என்று ஒரே ஒரு ஸ்டோரி. வேறு எதுவும் இல்லை. யூடியூப், லைவ், நேரில் வருவது எதையும் இந்தத் தொகைக்குள் கேட்க மாட்டோம்.

ரெண்டு சேலை அனுப்புவோம். ஒன்று கட்டத் தயாராக இருக்கும், நிறம் உங்கள் விருப்பம். இன்னொன்றை முடிச்சு அவிழ்க்காமல் அனுப்புகிறேன். சாயத்தில் முக்கிக் காயவைத்த துணி, நூல் சுற்றிய முடிச்சுகளோடு, சுருங்கிப்போய்ப் பிடி அளவுக்குத்தான் இருக்கும். முந்தானையை ஒருவர், மறுமுனையை ஒருவர் பிடித்து இழுத்தால் படபடவென்று நூல் தெறித்து உள்ளேயிருந்து வெள்ளைப் புள்ளிகள் வரும். அந்தச் சேலையில் சுமார் நாலாயிரம் முடிச்சு, போட்டு முடிக்கப் பன்னிரண்டு நாள் ஆனது. ரீலில் ஒரு காட்சியாவது அதுவாக இருந்தால் சந்தோஷப்படுவேன். மற்றபடி எப்படி எடுப்பது, என்ன பேசுவது எல்லாம் உங்கள் இஷ்டம். ஸ்கிரிப்ட் அனுப்ப மாட்டோம்.

ஒன்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். 2005-ல் மதுரைச் சுங்குடிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது கைமுடிச்சு வேலைக்காக. இப்போது சந்தையில் சுங்குடி என்று மலிவாகக் கிடைப்பதில் பெரும்பாலானவை அச்சு. அதை மட்டம் தட்ட வேண்டாம், தினசரி கட்ட அதுவும் நல்ல சேலைதான், என் அம்மாவே அதைத்தான் கட்டுகிறார். வித்தியாசத்தை மட்டும் காட்டினால் போதும்: அச்சில் புள்ளிகள் எல்லாம் ஒரே அளவு. கைமுடிச்சில் ஒன்று பெரிது, ஒன்று சிறிது, தடவிப் பார்த்தால் புள்ளி இருக்கும் இடத்தில் துணி லேசாக மேடு தட்டும்.

இனி பணம். 22,000 ரூபாய். நீங்கள் சரி என்றதும் 11,000, ரீல் வந்த ஐந்து நாளுக்குள் மீதி 11,000. சேலைகள் இந்தக் கணக்கில் சேராது, அவை உங்களுடையவை. ஜிஎஸ்டி எண் வைத்திருந்தால் வரியை பில்லில் தனியாகப் போடுங்கள், 22,000-க்கு மேல் அதைத் தருகிறோம். இந்தத் தொகைக்கு டிடிஎஸ் பிடித்தம் வராது என்று எங்கள் ஆடிட்டர் சொல்கிறார்.

விற்பனை ஆனாலும் ஆகாவிட்டாலும் இந்தக் கட்டணம் மாறாது. அதற்கு மேல், உங்களுக்கென்று ஒரு தள்ளுபடிக் கோடு தருவோம். மூன்று மாதத்துக்கு அதன் வழியாக வரும் ஒவ்வொரு சேலைக்கும் விலையில் 8 சதவீதம் உங்களுக்கு. ஒவ்வொரு மாதமும் 5-ஆம் தேதி கணக்குத் தாளும் பணமும் சேர்ந்து வரும்.

நீங்கள் வழக்கமாக வாங்குவது இதைவிட அதிகமாக இருக்கலாம். அப்படியானால் தயங்காமல் சொல்லுங்கள். எங்களால் தொகையை ஏற்ற முடியாது, வேலையைக் குறைக்க முடியும். ஸ்டோரிகளை விட்டுவிட்டு ரீல் மட்டும் என்றாலும் சம்மதம்.

ரீலைப் போடுவதற்கு முன்னால் ஒரு முறை எங்களுக்குக் காட்டுங்கள். விலை, துணி, முடிச்சு பற்றிய தகவல் தப்பாக இருந்தால் மட்டும் சொல்வோம், அதுவும் ஒரே முறை, 24 மணி நேரத்துக்குள். அதற்குள் எங்களிடமிருந்து பதில் வராவிட்டால் போட்டுவிடுங்கள். உங்கள் கருத்தில் கை வைக்க மாட்டோம். இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. போன வருஷம் ஒரு கல்லூரிப் பெண்ணுக்கு வெறும் சேலையைக் கொடுத்து வீடியோ கேட்டோம். மூன்று முறை மாற்றச் சொன்னோம். நாலாவது முறை அவள் சேலையைத் திருப்பி அனுப்பிவிட்டாள், கூரியர் செலவும் அவளே போட்டு. தப்பு எங்கள் மேல்தான்.

'பெய்டு பார்ட்னர்ஷிப்' லேபிள் கண்டிப்பாக வேண்டும், ரீல் தொடங்கும்போதே 'இது விளம்பரம்' என்று வாயாலும் சொல்லிவிடுங்கள். விதியும் அதைத்தான் கேட்கிறது. கேப்ஷனின் கடைசியில் ஹேஷ்டேகுக்குள் ஒளித்து வைப்பதில் எங்களுக்கு இஷ்டமில்லை.

வீடியோ உங்கள் சொத்து. எங்கள் பக்கத்தில் 90 நாள் பகிர்ந்துகொள்ள மட்டும் அனுமதி கேட்கிறோம். காசு போட்டு விளம்பரமாக ஓட்ட மாட்டோம். பிறகு எப்போதாவது அப்படித் தேவைப்பட்டால் முதலில் உங்களிடம் கேட்டு, 30 நாளுக்கு 5,000 ரூபாய் தனியாகத் தருவோம். ரீல் வந்த 14 நாளுக்கு வேறு சுங்குடி விற்பவர்களுடைய விளம்பரம் வேண்டாம், பட்டு, லினன் எதுவும் தடையில்லை.

சேலை கைக்கு வந்து பிடிக்கவில்லை என்றால் எங்கள் செலவில் திருப்பி அனுப்புங்கள். முன்பணத்தில் 2,000 ரூபாயை உங்கள் நேரத்துக்காக வைத்துக்கொண்டு மீதியைக் கொடுத்தால் போதும். நீங்கள் எடுத்து முடித்த பிறகு நாங்கள் வேண்டாம் என்றால் முழுப்பணமும் உங்களுக்கு.

சித்திரைத் திருவிழாவுக்கு முன்னால் வந்தால் எங்களுக்கு நல்லது. அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்கப் போகிறவர்கள் பங்குனிக் கடைசியிலேயே சேலை எடுத்துவிடுவார்கள். மார்ச் 10-க்குள் சேலை உங்கள் கையில் இருக்கும், மார்ச் 28-க்குள் ரீல் வந்தால் போதும். உங்களுக்குப் பரீட்சைத்தாள் திருத்தும் வேலை வந்துவிட்டால் ஏப்ரல் முதல் வாரத்துக்குத் தள்ளிக்கொள்ளலாம்.

சம்மதம் என்றால் இந்த மெயிலுக்கே பதில் போடுங்கள். இதே விவரங்களை ஒரு பக்க ஒப்பந்தமாகத் தமிழில் அனுப்புகிறேன், ஏதாவது மாற்ற வேண்டுமென்றால் அதில் எழுதித் தாருங்கள். கூடவே எந்த நிறம் என்றும் சொல்லிவிடுங்கள்: அரக்கு, மாம்பழ மஞ்சள், கிளிப்பச்சை மூன்றும் பீரோவில் இருக்கின்றன. வாளி வீடியோவுக்கு அரக்குதான் சரி என்கிறாள் என் நாத்தனார்.

அன்புடன்,
லதா
மதுரை